ஃபிரிட்ஜ் கதவு தொங்கினால் காசை எதில் போடுவது: காலிலா, புஷ்ஷிலா, ரப்பரிலா, புது ஃபிரிட்ஜிலா?

மணவாளக்குறிச்சிக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவே, அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் அக்கா வீடு. அந்த வீட்டு ஃபிரிட்ஜ் கதவைச் சாத்த ஒரு முறை வைத்திருந்தார்கள். கைப்பிடிப் பக்கத்துக் கீழ் மூலையைக் கால் விரலால் லேசாகத் தூக்க வேண்டும், அப்படியே இடுப்பால் ஒரு தள்ளு. அக்காவுக்கு அது பழகிவிட்டது. லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்குப் பழகவில்லை. அவர்கள் வந்துபோன மறுநாள் ஃப்ரீசரில் கைப்பிடிப் பக்கம் மட்டும் இரண்டு விரல் கனத்துக்கு ஐஸ் கட்டிக் கிடக்கும், அதற்குள் சாளை மீன் பொட்டலம் புதைந்திருக்கும்.

நான் மஸ்கட்டில் 11 வருஷம் ஏசி, ஃபிரிட்ஜ் வேலை பார்த்தவன். இப்போது திங்கள்சந்தையில் சின்னதாக ஒரு கடை. நான் ஊரில் இல்லாத ஒரு மாதத்தில் அக்கா வேறொரு ஆளை வரவழைத்துக் கதவு ரப்பரை மாற்றியிருந்தாள். 1,400 ரூபாய். ஒரு வாரம் ஒழுங்காக மூடியது, பிறகு பழைய கதை. நான் திரும்பி வந்ததும் போன் வந்தது.

"டே, ரப்பர மாத்தியாச்சு, ஒண்ணும் சரியாவல்ல. இவரு புதுசு வாங்கலாம்னு சொல்லுகாரு. வாங்கவா, வேண்டாமா? நீயே சொல்லு."

கடையில் வாரம் ஒருவராவது இதே கேள்வியைக் கேட்கிறார்கள். கதவு தொங்குகிறது, அல்லது முழுக்க மூடவில்லை. கையில் நான்கைந்து வழி இருக்கிறது: காலைச் சரிசெய்வது, ஸ்டாண்ட் வாங்குவது, கீலில் கைவைப்பது, ரப்பர் மாற்றுவது, புதுசு வாங்குவது. எதை முதலில் செய்வது என்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் காசு வீணாகிறது. அக்கா வீட்டு ஃபிரிட்ஜையே வைத்துச் சொல்கிறேன். 190 லிட்டர், ஒற்றைக் கதவு, ஒன்பது வயது, கீல் வலது பக்கம்.

முதலில் கதவைத் தூக்கிப் பாருங்கள்

கதவைக் கால்வாசி திறந்து, கைப்பிடிப் பக்க ஓரத்தை அடியிலிருந்து இரண்டு கையாலும் மெதுவாக மேலே தூக்குங்கள். கதவு 'டொக்' என்று கொஞ்சம் மேலே வந்து, விட்டதும் இறங்கினால், கீலின் முள் நுழையும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கதவு அசையவே இல்லை, ஆனாலும் மூடினால் கைப்பிடிப் பக்கம் தாழ்ந்தே தெரிகிறது என்றால் புஷ்ஷில் குற்றமில்லை. அங்கே ஃபிரிட்ஜின் உடம்புதான் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டாவதைப் பலர் நம்புவதில்லை. "இரும்புப் பெட்டி எப்படி முறுக்கும்?" என்பார்கள். ஃபிரிட்ஜ் என்பது மெல்லிய தகட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே நுரையை ஊற்றிய பெட்டி. முன்பக்கம் முழுக்கத் திறந்த வாய். கீல் இருக்கும் பக்கத்து முன்கால் இல்லையென்றால் அந்த மூலை சில மில்லிமீட்டர் கீழே இறங்கும், அதோடு கீலும் இறங்கும், கீலோடு கதவும் இறங்கும். கைப்பிடிப் பக்கத்துச் சுவர் அதே உயரத்தில் நிற்கும். பார்க்கிறவர் கண்ணுக்குக் கதவு கைப்பிடிப் பக்கம் தொங்கிவிட்டதாகத் தோன்றும். கீல் தேய்ந்தாலும் இதே தோற்றம்தான். கண்ணால் பிரிக்க முடியாது, தூக்கிப் பார்த்தால்தான் பிரியும்.

அக்கா வீட்டில் இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தேன். கதவின் மேல் ஓரம், கீல் பக்கத்தில் உடம்போடு சமமாக இருந்தது, கைப்பிடிப் பக்கத்தில் 5 மி.மீ. தாழ்ந்திருந்தது. தூக்கியபோது 2 மி.மீ. மட்டும் மேலே வந்தது. மிச்சம் 3 மி.மீ. எங்கே போயிற்று? தரையில் படுத்து டார்ச் அடித்தேன். வலது முன்கால் இல்லை. அந்த இடத்தில் அட்டைப்பெட்டியை எட்டாக மடித்துச் செருகியிருந்தார்கள். ஈரத்தில் ஊறி அது அப்பளமாகியிருந்தது.

2021 நவம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று பயந்து ராத்திரியோடு ராத்திரியாக ஃபிரிட்ஜைத் தூக்கி ஹாலோ பிளாக் மேல் வைத்திருக்கிறார்கள். இறக்கும்போது கால் எங்கோ இடித்து உடைந்திருக்கிறது. அத்தான் அதைச் சொல்லவில்லை, அட்டையை மட்டும் வைத்திருக்கிறார்.

ஆக, இரண்டு கோளாறு ஒன்றாக இருந்தது, இரண்டுமே ரப்பரில் இல்லை. இதில் வரிசை முக்கியம். உடம்பு முறுக்கிக் கிடக்கும்போது கீலைச் சரிசெய்தால், கோணல் பெட்டிக்கு ஏற்ப கோணலாகக் கீலைப் பூட்டுவோம். பின்னால் காலைச் சரிசெய்யும்போது கதவு எதிர்ப்பக்கம் கோணும். எந்த வழியைத் தேர்ந்தாலும் தரையிலிருந்துதான் மேலே போக வேண்டும்.

கால், முட்டு, ஸ்டாண்ட்

நம் ஊர் அடுக்களைகளில் தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள், கழுவிவிட்ட தண்ணீர் பின்வாசல் பக்கம் ஓட வேண்டுமே. கொத்தனார் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் வைத்திருந்தால், 60 செ.மீ. ஆழமுள்ள ஃபிரிட்ஜுக்கு அது 6 மி.மீ. அக்கா வீட்டில் ஃபிரிட்ஜின் முகம் பின்வாசலைப் பார்த்து நிற்கிறது. அதாவது முன்பக்கம் பின்பக்கத்தைவிட 6 மி.மீ. தாழ்வு. அதற்கு மேல் வலது முன்காலும் இல்லை.

கதவு தானாக மூட வேண்டுமானால் இது நேர்மாறாக இருக்க வேண்டும். முன்பக்கம் பின்பக்கத்தைவிட 5 முதல் 10 மி.மீ. உயர்ந்திருந்தால், பாதி திறந்து விட்ட கதவு தன் கனத்திலேயே பின்னால் சரிந்து மூடும். முன்னால் சாய்ந்த ஃபிரிட்ஜில் அதே கனம் கதவைத் திறக்கப் பார்க்கும். கீல் பக்கமாகச் சாய்ந்தாலும் அப்படித்தான். அக்கா வீட்டில் இரண்டு சாய்வும் சேர்ந்திருந்தன. ரப்பருக்குள் இருக்கும் காந்தப் பட்டை தகட்டைத் தொடும் அளவுக்குக் கிட்டே வந்தால்தான் பிடிக்கும், சில மில்லிமீட்டர் தள்ளி நின்றாலே அதன் பிடி போய்விடும். சாய்வை எதிர்த்துக் கதவை இழுத்து மூடும் பலம் அதற்கு இல்லை. புது ரப்பர் ஒரு வாரத்தில் தோற்றது இதனால்தான்.

கால் இல்லாத ஃபிரிட்ஜுக்கு மூன்று வழி உண்டு. எல்லோரும் செய்வது முட்டுக் கொடுப்பது: பலகைத் துண்டு, ஓட்டுத் துண்டு, பழைய செருப்பின் ரப்பர். அவசரத்துக்கு ஒன்றும் தப்பில்லை. ஆனால் பலகை ஆனி ஆடி மழையில் ஊதும், பங்குனியில் சுருங்கும். செருப்பு ரப்பர் அமுங்கிக்கொண்டே போகும். டைல்ஸ் துண்டு அமுங்காது, ஆனால் அடியில் மணல் இருந்தால் ஒருநாள் பட்டென்று வெடிக்கும். முட்டின் பெரிய குறை, ஒரு மில்லிமீட்டர் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பது. கதவைச் சரியாக நிறுத்துவதே அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

இரண்டாவது வழி, சக்கரம் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்ட். இதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஸ்டாண்டில் ஃபிரிட்ஜின் நாலு காலும் நாலு பிளாஸ்டிக் மூலையில் நிற்கும். கதவைத் திறந்ததும் கனம் முன் இரண்டு மூலைப் பக்கம் நகரும், மூலை வளையும், மூடினால் நிமிரும். வருஷக்கணக்கில் இப்படி வளைந்து நிமிர்ந்து ஒரு மூலை மட்டும் இறங்கிவிடும், முறுக்கு மறுபடி வந்துவிடும். ஸ்டாண்டில் பொருந்தவில்லை என்று ஃபிரிட்ஜின் சொந்தக் காலையே கழற்றி எறிந்த வீடுகளும் உண்டு. பிறகு ஸ்டாண்ட் உடைந்தால் கையில் கால் இருக்காது. ஆனாலும் கடற்கரை வீட்டுக்காரர் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார்: "தண்ணி ஊத்திக் கழுவுகோம், உப்புக் காத்து வேற. தரையில வச்சா அடித்தகடு துருப்பிடிக்காதா?" அவர் சொன்னது நியாயம்தான். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஸ்டாண்டைவிட ஒரு கிரானைட் துண்டு நல்லது. கிரானைட் வேலை செய்யும் இடத்தில் ஃபிரிட்ஜின் அடியளவுக்கு வெட்டிய மிச்சத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, சிமெண்டுக் கலவையில் மட்டமாகப் பதித்து, அதன்மேல் ஃபிரிட்ஜை அதன் சொந்தக் காலிலேயே நிறுத்தலாம். கல் வளையாது, தண்ணீரும் ஏறாது.

மூன்றாவது வழி திருகுக் கால். நான் அக்கா வீட்டில் செய்தது இதுதான். அதே கம்பெனிக் கால் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் மிச்சமிருக்கும் காலைக் கழற்றிக்கொண்டு ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய், அதன் மரைக்குச் சரியாகப் போகும் போல்ட் கேளுங்கள். அக்கா வீட்டுக் கால் 8 மி.மீ. மரை. 40 மி.மீ. நீள ஸ்டெயின்லெஸ் போல்ட் ஒன்று, ஒரு நட்டு, நாற்காலிக் காலுக்குப் போடும் ரப்பர் தொப்பி ஒன்று, எல்லாம் சேர்த்து 45 ரூபாய். போல்ட்டின் தலை கீழே தரையைப் பார்க்கும்படி திருகி, தலைக்கு ரப்பர் தொப்பியை மாட்டி, உயரம் சரியானதும் நட்டை மேலே ஏற்றி இறுக்கினால் கால் தானாகச் சுற்றாது. கடற்கரையில் சாதாரண இரும்பு போல்ட் வேண்டாம். அடுத்த வருஷம் அது கழலாது. காலின் மரை பிளாஸ்டிக்காக இருக்கும் மாடல்களில் இந்த வேலை நடக்காது, அதற்கு அந்தக் காலேதான் வேண்டும்.

இடது முன்கால் இருந்தது, ஆனால் துருவேறி இறுகிப்போயிருந்தது. தையல் மிஷின் எண்ணெயை மரையில் சொட்டுவிட்டு ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் ஸ்பானருக்கு இணங்கியது. அவசரப்பட்டு முறுக்கியிருந்தால் காலோடு அடித்தகட்டின் மரையும் பிய்ந்திருக்கும்.

உயர்த்துவது இப்படி. பிளக்கைப் பிடுங்கி, கதவிலிருக்கும் பாட்டில்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஒருவர் ஃபிரிட்ஜின் மேல்பக்கத்தைப் பிடித்துப் பின்னால் ஒரு விரல் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும், இன்னொருவர் காலைத் திருக வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினால் உயரும் என்று மனப்பாடம் வேண்டாம், ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். 8 மி.மீ. மரையில் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. உயரும். அக்கா வீட்டில் முன்பக்கத் தாழ்வு 6, நமக்கு வேண்டிய உயரம் 6, ஆக 12 மி.மீ. ஏறக்குறைய பத்துச் சுற்று. இரண்டு முன்காலையும் மாறி மாறி இரண்டிரண்டு சுற்றாக ஏற்றினேன். ஒரே பக்கத்தை முழுக்க ஏற்றிவிட்டு அப்புறம் மறுபக்கம் போனால் நாமே முறுக்கை உண்டாக்குவோம்.

கொத்தனாரின் ரசமட்டத்தை மேல்தட்டில் முன்பின்னாக வைத்தால் குமிழி முன்பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்க வேண்டும், இடவலமாக வைத்தால் நடுவில் நிற்க வேண்டும். கடைசியாக மேல் மூலைகளைப் பிடித்துக் குறுக்காக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஒரு கால் தரையைத் தொடவில்லை. அந்தக் காலை மட்டும் அது தொடும்வரை இறக்குங்கள்.

இது முடிந்ததும் மறுபடி ஸ்கேல் வைத்தேன். 5 மி.மீ. தொங்கல் 2 ஆகியிருந்தது. அக்கா வந்து கதவைப் பாதி திறந்து விட்டாள். அது தானாகப் போய் ஒட்டியது. "இவ்வளவுதானா?" என்றாள். இல்லை, இன்னும் கீழ் மூலை உரசிக்கொண்டுதான் இருந்தது.

புஷ், வாஷர், முழுக் கீல்

மிச்ச 2 மி.மீ. கீலில் இருந்தது. இந்த இடத்தில் மெக்கானிக்குகளே குழப்பிக்கொள்கிறார்கள். புஷ் இரண்டு விதமாகத் தேயும். கதவின் கனம் முழுக்கக் கீழ்ப் புஷ்ஷில்தான் உட்காரும். அதன் அடிப்பகுதி தேய்ந்தால் கதவு மொத்தமாகக் கீழே இறங்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு தாழ்ந்திருக்கும், கோணல் இருக்காது. மாறாக முள் நுழையும் ஓட்டை அகன்றுபோனால், மேல்முனை கைப்பிடிப் பக்கமாகவும் கீழ்முனை கீல் பக்கமாகவும் நகர்ந்து கதவு கோணலாகத் தொங்கும்.

மொத்தமாக இறங்கிய கதவுக்கு, கீழ் முள்ளில் 1 அல்லது 2 மி.மீ. நைலான் வாஷர் ஒன்றைப் போடுவது மிகச் சுலபம், செலவும் ஐந்து பத்து ரூபாய்தான். கோணலாகத் தொங்கும் கதவுக்கும் அதையே போடுகிறவர்கள் உண்டு. வாஷர் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் தூக்கும். கைப்பிடிப் பக்கம் சரியாகிவிட்டதுபோல் தெரியும், ஆனால் கீல் பக்கத்து மேல் ஓரம் உடம்பைவிட உயர்ந்து மேல் கீல் தகட்டில் உரசும், இரண்டு மாதத்தில் அங்கே பெயிண்ட் போகும். கதவு தானாக மூடுவதற்காகக் கீழ்க் கீலில் சரிவு வைத்த பிளாஸ்டிக் துண்டு இருக்கும் மாடல்களிலும் வாஷர் போடாதீர்கள். கீலில் ஒரு பாதி, கதவில் ஒரு பாதி என்று ஒன்றின்மேல் ஒன்று சறுக்க வேண்டிய துண்டுகள் அவை. நடுவில் வாஷர் புகுந்தால் சறுக்காது.

கோணலுக்கு, காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. மேல் கீல் தகட்டை உடம்போடு பிடித்திருக்கும் திருகுகளின் ஓட்டை, திருகைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். திருகுகளை ஒரு சுற்று தளர்த்தி, உதவிக்கு ஒருவரைக் கதவின் கைப்பிடிப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, தகட்டை வெளிப்பக்கமாக இழுத்தபடி இறுக்கினால் கதவு கொஞ்சம் நிமிரும். எவ்வளவு நிமிரும் என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம். இந்தக் கதவு அகலத்தைப்போல் இரண்டு மடங்கு உயரம், ஆகவே தகட்டை 2 மி.மீ. நகர்த்தினால் கைப்பிடிப் பக்கம் 1 மி.மீ. உயரும். அவ்வளவுதான் கிடைக்கும். 1 மி.மீ. தொங்கலுக்கு இது போதும், அதற்கு மேல் புஷ் மாற்றியே ஆக வேண்டும்.

அக்கா வீட்டில் புஷ் மாற்றினேன். மேலும் கீழும் சேர்த்து 120 ரூபாய். கதவைக் கழற்றுவது பயப்படும்படியான வேலை இல்லை: மேல் கீலின் பிளாஸ்டிக் மூடியை எடுத்து, திருகுகளைக் கழற்றி, தகட்டை எடுத்ததும் கதவைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து மேலே தூக்கினால் கீழ் முள்ளிலிருந்து வெளியே வந்துவிடும். கடைசித் திருகைக் கழற்றும்போது கதவை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கதவில் பட்டன், டிஸ்ப்ளே இருக்கும் மாடலில் மேல் கீல் வழியாக ஒயர் போகும், அதை இழுத்து அறுத்துவிடாதீர்கள். கீழ் முள்ளில் ஏற்கெனவே வாஷர் இருந்தால் எந்த வரிசையில் இருந்தது என்று போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

கதவைக் கழற்றியதும் புஷ்ஷைப் பார்ப்பதற்கு முன் முள்ளைப் பாருங்கள். நம் கடற்கரையில் இதுதான் விஷயம். கீழ் முள் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, தினமும் துடைக்கும் தண்ணீரும் உப்புக் காற்றும் அதைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த முள் பிளாஸ்டிக் புஷ்ஷுக்குள் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். நகத்தால் முள்ளைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு மட்டும் என்றால் நைஸ் உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கி, கொஞ்சம் வாஸ்லின் தடவிப் புதுப் புஷ் போடலாம். நகம் பள்ளத்தில் மாட்டினாலோ, முள் ஒரு பக்கம் இளைத்திருந்தாலோ புது புஷ் ஆறு மாதம்கூடத் தாங்காது. அப்போதுதான் முழுக் கீல் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. தகடு வளைந்திருந்தாலும் அப்படியே. அதைத் தட்டி நிமிர்த்தினால் நிமிர்ந்த மாதிரி இருக்கும், பாட்டிலை ஏற்றியதும் வளையும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேல் கீலின் திருகு ஓட்டை மரை போய் லூசாகச் சுற்றினால், "பக்கத்தில் புதுசா ஒரு ஓட்டை போட்டுருவோம்" என்று டிரில்லை எடுக்கிறவரைத் தடுத்துவிடுங்கள். கதவு மூடும் சட்டத்தில் வியர்க்காமல் இருப்பதற்காக அந்த ஓரத்துத் தகட்டுக்குள்ளேயே சூடான கேஸ் பைப்பைச் சுற்றிவிட்டிருக்கும் மாடல்கள் நிறைய. பக்கச் சுவருக்குள்ளும் பைப் ஓடும். டிரில் நுனி அதில் பட்டால் கேஸ் முழுக்கப் போய்விடும். இப்போது வரும் பல ஃபிரிட்ஜில் இருக்கும் ஆர்600ஏ கேஸ் தீப்பிடிக்கக்கூடியது. 10 ரூபாய்த் திருகுக்காகப் பெட்டியையே தூக்கிப் போட்ட கதை எனக்கு இரண்டு தெரியும். பழைய ஓட்டையிலேயே ஒரு சைஸ் தடித்த திருகை, நீளம் மட்டும் பழையதைவிடக் கூடாமல், போடுங்கள்.

ரப்பர்

இதில் சொல்ல அதிகம் இல்லை. கதவு நேராக நின்ற பிறகுதான் ரப்பரைச் சோதிக்க வேண்டும். ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவுக்கும் உடம்புக்கும் நடுவே வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். கதவைச் சுற்றி எட்டு இடத்தில் செய்யுங்கள். எங்கேயாவது வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பில்லை. நெடுநாள் தொங்கிய கதவில் கீழ் மூலை ரப்பர் நசுங்கி அப்படியே நின்றுபோயிருக்கும். வெந்நீரில் நனைத்த துணியால் அதை ஒற்றி, விரலால் இழுத்து விட்டு, ஒரு ராத்திரி மூடி வைத்தால் பெரும்பாலும் எழும்பிவிடும். கிழிந்திருந்தால், விறைத்து வெடித்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். அக்கா போட்ட புது ரப்பரும் ஒரு வாரத்திலேயே நசுங்க ஆரம்பித்திருந்தது. துணி ஒற்றியதில் சரியாயிற்று.

புதுசு எப்போது?

அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் ஃபிரிட்ஜின் அடியில் இருக்கிறது. கால் திருகும் அடித்தகடும் கீழ்க் கீல் உட்காரும் இடமும் துருவில் பொத்தலாகியிருந்தால் கால் நிற்காது, கீலும் நிற்காது. வெல்டிங் வைக்கிறேன் என்பவரை நம்பாதீர்கள், அந்தச் சூட்டில் மேலே இருக்கும் நுரை கருகும், பிளாஸ்டிக் உருகும். அந்த நிலையில் கையில் காசிருந்தால் புதுசு வாங்குவதே சரி. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அடித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் தகடு இருக்கிறது, பொதபொதவென்று உதிர்ந்தால் இல்லை. அக்கா வீட்டில் மேலே கொஞ்சம் துரு, உள்ளே தகடு கெட்டி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்ஸைடு பூசிவிட்டேன்.

அத்தான் நாகர்கோவிலில் பார்த்துவிட்டு வந்த ஃபிரிட்ஜுக்கு 16,000 ரூபாய் சொல்லியிருந்தார்கள். அதை வாங்கி வந்து எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். அதே இடத்தில், அதே வாட்டத்தில், பின்வாசலைப் பார்த்துத்தான். முன்காலை ஏற்றாமல் வைத்தால் புது ஃபிரிட்ஜின் கதவும் முதல் நாளிலிருந்தே திறக்கப் பார்க்கும், ஒன்றிரண்டு வருஷத்தில் புஷ்ஷும் போகும். கொண்டுவந்து இறக்கும் ஆட்கள் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதை நான் இதுவரை கண்டதில்லை.

கணக்கு இது: போல்ட்டும் தொப்பியும் 45, புஷ் 120, மொத்தம் 165 ரூபாயும் ஒரு ராத்திரி எண்ணெயும். கூலி மரச்சீனியும் மீன் குழம்பும். வெளியாளைக் கூப்பிட்டால் கூலி தனி. ஆனால் காலைத் திருகுவதற்கு மெக்கானிக் தேவையில்லை, கீலைக் கழற்றுவதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அக்காவோடு எனக்கு இன்னும் ஒத்துப்போகவில்லை. கதவுத் தட்டில் 2 லிட்டர் பாட்டில் ஐந்து அடுக்குகிறாள், தண்ணீர் மட்டுமே 10 கிலோ. அதிலும் மூன்று கைப்பிடி ஓரத்தில். புஷ் சீக்கிரம் தேய்ந்ததற்கு அதுவும் காரணம். மூன்றைக் கீல் பக்கம் நகர்த்து, இரண்டை உள்ளே வை என்றேன். "உள்ளே இடமில்ல" என்றாள். கிளம்பும்போது பார்த்தேன், இரண்டு மட்டும் கீல் பக்கம் போயிருந்தது.

கழற்றிய பழைய ரப்பர் எங்கே என்று கேட்டபோது அத்தான் பின்வாசலைக் காட்டினார். கதவின் அடியில் நீளமாக ஆணி அடித்து வைத்திருந்தார், மழைக்குத் தவளை உள்ளே வருகிறதாம். குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு கிழிசல்கூட இல்லை.